வெட்டிய பழத்தைப் படத்தில் பார்க்கும்போது

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. முழங்கால் வலி குறைந்து மறுபடி காலை நடைக்குப் போகத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். ஓய்வு பெற்ற பிறகும் தோட்டக்கலை மாணவர்கள் சிலர் சந்தேகம் கேட்டு வந்துகொண்டே இருக்கிறார்கள், பொழுது நன்றாகப் போகிறது. குழந்தைகளுக்கான பழப் புத்தக வேலையை நீ எடுத்துக்கொண்டதில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

படத்துக்குக் கீழே தவறான பெயர் போய்விடக் கூடாது என்ற உன் கவலை நியாயமானது. முக்கியமாக அந்தச் சிவப்புச் சதைப் படங்கள் மூன்று. மூன்றிலும் ‘கிரேப்ஃப்ரூட்’ என்று யாரோ பென்சிலில் எழுதியிருப்பதாகச் சொல்கிறாய். என் கணிப்பில் அவற்றில் ஒன்றுதான் கிரேப்ஃப்ரூட். எப்படி அந்த முடிவுக்கு வந்தேன் என்பதை விரிவாகவே எழுதுகிறேன், மற்ற படங்களுக்கும் உதவும்.

ஆரஞ்சுக் குடும்பத்துப் பழங்களைப் படத்தில் பார்க்கும்போது நிறத்தைக் கடைசியாகத்தான் கேட்க வேண்டும். விளக்கு வெளிச்சம் மஞ்சளாக இருந்தால் வெளிர் சிவப்பும் ஆரஞ்சாகத் தெரியும். மேல்தோலின் நிறமோ இன்னும் மோசமான சாட்சி. இரவுக் குளிர் இல்லாத ஊர்களில் ஆரஞ்சு நன்றாகப் பழுத்து இனித்தாலும் தோல் பச்சையாகவே இருக்கும். மரத்திலேயே விட்டுவைத்த எலுமிச்சை மஞ்சளாகிவிடும். அதனால் முதலில் தோலுக்கும் சதைக்கும் நடுவே உள்ள வெள்ளைப் பஞ்சு எவ்வளவு தடிமன் என்று பார். அப்புறம் சுளைகளைப் பிரிக்கும் சவ்வு, அப்புறம் நடுத்தண்டு. நிறம் இதற்கெல்லாம் பிறகுதான்.

உன் முதல் படத்தில் வெள்ளைப் பஞ்சு விரல் தடிமனுக்கு இருக்கிறது. சுளையின் சவ்வு தடித்து, ஓரிடத்தில் சதையை விட்டு உரிந்து நிற்கிறது. உள்ளே சாறு நிறைந்த முத்துகள் பெரிது பெரிதாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாகத் தெரிகின்றன. வெட்டிய பழம்தான், ஆனாலும் தட்டில் ஒரு சொட்டுச் சாறு இல்லை. இது பம்பளிமாஸ், அதிலும் சிவப்புச் சதை வகை. ருசி மென்மையான இனிப்பு, புளிப்பு குறைவு. சவ்வை உரித்துவிட்டு முத்துகளை மட்டும் தின்ன வேண்டும். பல்லில் கடிபட்டு ஒவ்வொன்றாக உடையும், அதுதான் அதன் சுகம்.

இரண்டாம் படம்தான் உண்மையான கிரேப்ஃப்ரூட். பம்பளிமாஸும் சாத்துக்குடி, ஆரஞ்சு வகையும் கலந்து பிறந்த பழம் அது. 18ஆம் நூற்றாண்டில் பார்படோஸ் தீவில் தோன்றியது. வெட்டுமுகத்திலும் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறது. பஞ்சு பம்பளிமாஸைவிட ரொம்ப மெல்லியது, ஆரஞ்சைவிடச் சற்றுத் தடிப்பு. சவ்வு மெல்லியது, ஆனால் சதையோடு இறுக ஒட்டியிருக்கும். முத்துகள் நெருக்கமாக இருக்கும், கத்தி பட்ட இடமெல்லாம் சாறு கசியும். ருசியில் புளிப்பும் இனிப்பும் முன்னால் வரும், கசப்பு பின்னால் வரும். அந்தக் கசப்புக்குப் பெரும்பங்கு காரணம் நரிஞ்சின் என்ற பொருள். பஞ்சிலும் சவ்விலும் அது அதிகம். சுளையைச் சவ்விலிருந்து கத்தியால் வழித்தெடுத்துத் தின்றால் கசப்பு கணிசமாகக் குறையும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், புத்தகத்துக்காக அல்ல, உனக்காக. நீ கொழுப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறாய். சிம்வாஸ்டாட்டின் போன்ற சில மாத்திரைகள் குடலில் கொஞ்சம் சிதைந்த பிறகே ரத்தத்தில் சேரும். கிரேப்ஃப்ரூட் அந்தச் சிதைவைத் தடுத்துவிடுவதால் மருந்து அளவுக்கு மீறி உடம்பில் ஏறும். பம்பளிமாஸிலும் இதே குணம் உண்டு. படம் எடுத்து முடிந்த பழத்தை வீணாக்க வேண்டாம் என்று நீ தின்றுவிடுவாய், எனக்குத் தெரியும். மருத்துவரிடம் மாத்திரையின் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டுத் தொடு.

மூன்றாம் படம்தான் என்னை அதிக நேரம் உட்கார வைத்தது. பஞ்சு மெலிந்து, விதை ஒன்றும் இல்லாமல், அளவு சாதாரண ஆரஞ்சாகவே இருக்கிறது. பக்கத்தில் நீ வைத்திருந்த தேக்கரண்டியால்தான் அளவு பிடிபட்டது. ஆக இது ஆரஞ்சு வகை, அதில் சந்தேகமில்லை. ஆனால் சிவப்புச் சதை உள்ள ஆரஞ்சுகள் இரண்டு விதம். ஒன்று ரத்த ஆரஞ்சு, இன்னொன்று காரா காரா. இங்கேதான் நிறத்தைக் கேட்க வேண்டிய நேரம் வருகிறது. அதிலும் என்ன நிறம் என்பதைவிட, அது எங்கே, எப்படிப் பரவியிருக்கிறது என்பது முக்கியம்.

ரத்த ஆரஞ்சின் சிவப்பு, கறுப்புத் திராட்சைத் தோலில் இருக்கும் அதே ஆந்தோசயனின் வகை நிறமி. அது சாற்றில் கரைந்திருக்கும். குளிர் பட்டால்தான் நன்றாக உருவாகும். அதனால் ஒரே சீராக வராது. ஒரு சுளை இருண்ட சிவப்பாக இருக்கும், அடுத்த சுளையில் கீற்றுக் கீற்றாக ஓடும், இன்னொன்று ஆரஞ்சு நிறமாகவே நிற்கும். மோரோ என்ற வகை உள்ளே கருஞ்சிவப்பாகவே இருக்கும். டரோக்கோ என்ற வகையில் சிவப்பு தெறித்தாற்போல லேசாக இருக்கும். பல பழங்களில் மேல்தோலிலும் ஒரு பக்கம் செம்மை ஏறியிருக்கும். காரா காராவின் சிவப்பு வேறு. அது லைகோபீன், தக்காளியின் நிறமி. தண்ணீரில் கரையாது, சதையிலேயே தங்கிவிடும். சிவப்புக் கிரேப்ஃப்ரூட்டின் நிறமும் இதுவேதான். எல்லாச் சுளையிலும் சீராக, ஆரஞ்சு கலந்த இளஞ்சிவப்பாக இருக்கும். தோலில் செம்மையே தெரியாது.

உன் படத்தில் எல்லாச் சுளையும் ஒரே இளஞ்சிவப்பு. தட்டின் ஓரத்தில் ஒரு துளி சாறு தேங்கியிருக்கிறது, அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரத்த ஆரஞ்சாக இருந்தால் அந்தத் துளியே சிவந்திருக்கும். இது வெளிறிய மஞ்சளாக இருக்கிறது. வெளிச்சம் ஏமாற்றியிருக்குமோ என்று பஞ்சையும் பார்த்தேன். அது வெள்ளையாகவே தெரிகிறது, எனவே படத்தின் நிறத்தை நம்பலாம். காரா காரா என்றே முடிவு செய்தேன். முழுப் பழத்தின் அடிப்பக்கத்தை நீ படம் எடுத்திருந்தால் வாதமே தேவைப்பட்டிருக்காது. காரா காரா தொப்புள் ஆரஞ்சு இனம், அடியில் தொப்புள் போன்ற குழியும் அதற்குள் ஒரு குட்டிப் பழமும் இருக்கும். 1976இல் வெனிசுலாவில் ஒரு தோட்டத்தில் கண்டெடுக்கப்பட்டது, தோட்டத்தின் பெயரே பழத்துக்கும் வந்துவிட்டது.

ருசி எழுதக் கேட்டிருந்தாயே. காரா காரா நல்ல இனிப்பு, புளிப்பு அடக்கம். மோரோவில் புளிப்பு தூக்கலாக இருக்கும், பின்னணியில் பெர்ரிப் பழத்தின் சாயல் வரும். டரோக்கோ இரண்டையும்விட மணமானது, எனக்குப் பிடித்ததும் அதுதான். தொப்புள் ஆரஞ்சு இனத்துக்கு ஒரு குணம் உண்டு, புத்தகத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள். சுளையாகத் தின்றால் கசக்காது, பிழிந்து சில மணி நேரம் வைத்தால் சாறு கசந்துவிடும். சதையில் கசப்பில்லாத ஒரு பொருள் இருக்கிறது, பிழியும்போது அது புளிப்போடு கலந்து மெல்ல லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறுகிறது. பிழிந்தவுடன் குடித்துவிட வேண்டியதுதான்.

கமலா ஆரஞ்சுப் படத்தில் பெயர் சரியாகவே இருக்கிறது. தோல் சதையை விட்டுத் தளர்ந்திருக்கிறது, நடுத்தண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. சாத்துக்குடியிலும் ஆரஞ்சிலும் அந்த இடம் பொதுவாக அடைந்தே இருக்கும். இன்னும் உறுதி வேண்டுமானால் விதை ஒன்றைப் பிளந்து பார், கமலாவின் பருப்பு பெரும்பாலும் பச்சையாக இருக்கும், ஆரஞ்சின் பருப்பு வெள்ளை.

ஆப்பிள் படங்களில் உனக்குக் குழப்பம் அந்தச் சிவப்புக் கோட்டுப் பழங்கள் இரண்டில். சின்னது, மஞ்சள் தோலின்மேல் ஆரஞ்சு கலந்த சிவப்புக் கோடு போட்டது காலா. பெரியது, மங்கலான இளஞ்சிவப்பு படர்ந்தது ஃபூஜி. ஆனால் தோலை வைத்து மட்டும் இதை அறுதியிட்டுச் சொல்ல முடியாது, இரண்டிலும் நல்ல சிவப்பு நிறத்துக்கென்று தேர்ந்தெடுத்த கிளை வகைகள் நிறைய வந்துவிட்டன. உன் ஃபூஜிப் படத்தில் விதைக்கூட்டைச் சுற்றிச் சதை எண்ணெய் பட்ட தாள் போலக் கண்ணாடியாகத் தெரிகிறதே, அது என் கணிப்புக்குப் பலம் சேர்க்கிறது. அழுகல் என்று நினைத்து அந்தப் படத்தை ஒதுக்கிவிடாதே. சதையின் காற்றிடைவெளிகளில் சார்பிட்டால் என்ற இனிப்புப் பொருள் கலந்த நீர் நிரம்பினால் அப்படித் தெரியும். மற்ற வகைகளிலும் வரும், ஃபூஜியில் அடிக்கடி வரும். நாள்பட வைத்தால்தான் அந்த இடம் பழுப்பாகும். ஃபூஜி மொறுமொறுப்பும் நல்ல இனிப்பும் உள்ளது. காலா மென்மையான இனிப்பு, சீக்கிரம் மாவாகிவிடும். அடியில் ஐந்து முடிச்சுத் துருத்திக்கொண்டு நீளமாக இருப்பது ரெட் டெலிஷியஸ், அதில் தடுமாற ஒன்றுமில்லை.

திராட்சையில் படம் அதிகம் பேசாது. கறுப்போ சிவப்போ, வெட்டினால் பெரும்பாலும் உள்ளே வெளிர் பச்சைதான், நிறமெல்லாம் தோலில். உள்ளேயும் சிவந்திருந்தால் அலிகாண்டே பூஷே போன்ற அபூர்வ வகை. உன் படத்தில் தோல் ஒரு பக்கம் கழன்று, சதை வழுக்கும் உருண்டையாக வெளியே வந்திருப்பது கான்கார்ட் இனமாக இருக்கலாம். மஸ்கட் வகையை மட்டும் படத்தை வைத்து எழுதாதே. அதன் அடையாளம் பூ மணம், மூக்கில்லாமல் அதைச் சொல்ல முடியாது.

மீதிப் படங்களை மறுபடி எடுக்கப் போவதாகச் சொன்னாய். ஒரு பழத்தைக் காம்பு மேலிருக்க நிறுத்தி, நடுவில் குறுக்காக வெட்டு. பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளும் அதே தேக்கரண்டியும் இருக்கட்டும். அடிப்பக்கத்தைத் தனியாக ஒரு படம் எடு. பகல் வெளிச்சம் போதும், விளக்கு வேண்டாம். எலுமிச்சைக்கு மட்டும் மரத்தின் இலையும் கிடைத்தால் சேர்த்து அனுப்பு.

உன்,
ரகு