நமுத்துப் போகாத ஃபிங்கர் சிப்ஸ்

தண்டையார்பேட்டை
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்பாய், வைத்ததும் மறந்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். இதை மடித்து அடுப்பு மேடையில் வைத்துக்கொள்.

நீ அனுப்பிய போட்டோவை மூன்று தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். சிப்ஸின் முனையெல்லாம் கருஞ்சிவப்பு, நடுவில் வெளுப்பு. இரண்டு தடவை பொரித்தும் ஐந்தே நிமிடத்தில் துவண்டுபோனதாகச் சொன்னாய். உங்கப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "எண்ணெய் சரியில்லை" என்றார். அவருக்கு எது நடந்தாலும் எண்ணெய்தான். எனக்கு வேறு மாதிரி படுகிறது. நீ செய்த தப்பு ஒன்றல்ல, இரண்டு. ஒன்று கிழங்கிலேயே இருந்தது, இன்னொன்று இரண்டு பொரியலுக்கும் நடுவில் நடந்தது.

முதலில் கிழங்கு. ஒரு வாரமாக ஃப்ரிட்ஜில் இருந்த உருளைக்கிழங்கு என்றாயே, முனை கருகியது அதனால்தான். குளிரில் கிடந்தால் கிழங்கில் உள்ள மாவு கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறும். எண்ணெயில் போட்டதும் உள்ளே வேகிறதுக்கு முன்னாலேயே அந்தச் சர்க்கரை சிவந்து, கறுத்து, கசந்துவிடும். நீ எவ்வளவு கவனமாகப் பொரித்தாலும் அது நிற்காது. கிழங்கை எப்போதும் கூடையில், காற்றாட, இருட்டான மூலையில் வை. ஃப்ரிட்ஜில் வைத்த மிச்சத்தை வெளியே எடுத்து ஒன்றிரண்டு வாரம் கூடையில் போட்டால் ஓரளவு சரியாகும். அவசரமென்றால் கூட்டோ குழம்போ வைத்துத் தீர்த்துவிடு. வாங்கும்போதும் பார்த்து வாங்கு. கட்டைவிரலால் தேய்த்தாலே தோல் உரிகிற இளங்கிழங்கில் தண்ணீர்தான் அதிகம், சிப்ஸுக்கு ஆகாது. தோல் ஒட்டிப்பிடித்த, கையில் கனமாக இருக்கிற முற்றல் கிழங்கு வேண்டும்.

அரைக் கிலோ எடுத்துக்கொள். தோல் சீவி, சுண்டுவிரல் கனத்துக்கு, அதாவது ஒரு சென்டிமீட்டர், எல்லாம் ஒரே அளவாக நறுக்கு. ஒல்லியும் தடியுமாக இருந்தால் ஒன்று கருகும்போது இன்னொன்று வேகாமல் இருக்கும். நறுக்கியதைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டுக் கையால் அலசிப் பார், தண்ணீர் அரிசி களைந்த மாதிரி வெள்ளையாகும். கத்தி பட்ட இடத்தில் கசிந்த மாவு அது. அதைக் கழுவாமல் விட்டால் துண்டுகள் எண்ணெயில் ஒன்றோடொன்று ஒட்டும், அங்கங்கே திட்டுத்திட்டாகச் சிவக்கும். இரண்டு மூன்று தண்ணீர் மாற்று. தெளிந்ததும் புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவை. மேலாக இருக்கும் சர்க்கரையும் கொஞ்சம் அதில் கரைந்து போகும். ஃப்ரிட்ஜ் கிழங்கின் சர்க்கரையை ஊறவைத்தே எடுத்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதே, அது துண்டு முழுக்கப் பரவியிருக்கும்.

அப்புறம் வடித்து, சுத்தமான துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணியைப் போட்டு ஒற்றி எடு. ஒரு துண்டைத் தொட்டால் விரலில் ஈரம் ஒட்டக்கூடாது. ஈரம் இருந்தால் எண்ணெய் பொங்கும். சட்டியில் பாதிக்கு மேல் எண்ணெய் ஊற்றாதே என்று நான் கத்துவதும் அதுக்காகத்தான். தப்பித்தவறி எண்ணெயில் தீப்பிடித்தால் அடுப்பை அணைத்துத் தட்டைப் போட்டு மூடு. தண்ணீர் மட்டும் ஊற்றவே கூடாது.

முதல் பொரியலுக்கு எண்ணெய் 150 டிகிரி. உன் இண்டக்‌ஷன் அடுப்பு காட்டுகிற டிகிரியை நம்பாதே, அது கண்ணாடிக்கு அடியில் இருக்கிற சூடு, எண்ணெயினுடையது இல்லை. நான் பாரிமுனையில் ஒரு கம்பி தெர்மாமீட்டர் வாங்கி வைத்திருக்கிறேன், இங்கே வரும்போது எடுத்துப் போ. அதுவரை பஜ்ஜி மாவை வைத்துப் பார். ஒரு சொட்டு விட்டால் அடிக்குப் போய், கொஞ்சம் யோசித்துவிட்டு மெதுவாக மேலே வர வேண்டும். விட்ட உடனே துள்ளி எழுந்தால் முதல் பொரியலுக்கு அந்தச் சூடு அதிகம்.

ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஒரு தடவைக்கு 200 கிராம்தான், அதாவது ஒரு பெரிய கைப்பிடி. மொத்தமாகக் கொட்டினால் எண்ணெய் சட்டென்று ஆறிவிடும், கிழங்கு பொரியாமல் எண்ணெயில் ஊறும். ஐந்தாறு நிமிடம். இந்தப் பொரியலில் நிறம் வரவே கூடாது. இது உள்ளே வேகவைக்கிற வேலை, அவ்வளவுதான். அதோடு, துண்டின் மேல்பக்க மாவு வெந்து மெல்லிசாக ஒரு தோல் மாதிரி படியும். பின்னால் மொறுமொறுப்பாக ஆகப்போவது அந்தத் தோல்தான். ஜல்லிக்கரண்டியில் ஒன்றை எடுத்தால் இரண்டு பக்கமும் தொங்க வேண்டும், நகத்தால் அழுத்தினால் மசிய வேண்டும், நிறம் வெள்ளையாகவே இருக்க வேண்டும். பார்க்கச் சுமாராகத்தான் இருக்கும். உங்கப்பா முதன்முதலில் அதைப் பார்த்துவிட்டு, "இதை யார் வாங்குவார்கள்?" என்று கேட்டார்.

நீ தவறவிட்டது இதற்கு அடுத்தது. எடுத்த கையோடு எண்ணெயைச் சூடாக்கி மறுபடியும் போட்டுவிட்டேன் என்றாயே, அங்கேதான் எல்லாம் போனது.

வண்டி போட்ட முதல் வருடம் நாங்களும் அப்படித்தான் செய்தோம். ஒரு சாயங்காலம் மழை விட்டதும் ஒரே கூட்டம். பஜ்ஜி வாங்க வந்தவர்கள் எல்லோரும் பிள்ளைகளுக்கு ஃபிங்கர் சிப்ஸும் கேட்டார்கள். மதியமே முதல் பொரியல் போட்டு வைத்திருந்தது ஏழு மணிக்குத் தீர்ந்துவிட்டது. உங்கப்பா புதுசாக நறுக்கி, ஒரு தடவை பொரித்து, ஆற விடாமல் சூட்டோடு சூடாக இரண்டாவதையும் போட்டுப் பொட்டலம் கட்டினார். நிறம் என்னவோ நன்றாகத்தான் வந்தது. கால் மணி நேரத்தில் ஒரு பையன் பொட்டலத்தோடு திரும்பி வந்து, "அக்கா, இது அவிச்ச கிழங்கு மாதிரி இருக்கு" என்றான். பிரித்துப் பார்த்தால் சொதசொதவென்று ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிறது. அதே சட்டி, அதே எண்ணெய், அதே மூட்டைக் கிழங்கு. மதியம் பொரித்து வைத்ததைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, ஆறுகிற நேரத்தில் ஏதோ வேலை நடக்கிறது என்று.

என்ன நடக்கிறது என்றால், சட்டியிலிருந்து எடுத்த பிறகும் துண்டிலிருந்து ஆவி போய்க்கொண்டே இருக்கும். நடுவில் இருக்கிற ஈரமும் மெல்ல மேல்பக்கத்துக்கு நகரும். வெந்த மாவு ஆற ஆற இறுகும், ஆறிப்போன சாதம் விறைக்கிற மாதிரி. இப்படி ஈரம் குறைந்து இறுகிய தோல் இரண்டாவது எண்ணெயில் கெட்டியான ஓடாகும். ஆறாமல் போட்டால் ஓடு மெல்லிசாகவே நின்றுவிடும். தட்டில் வைத்ததும் உள்ளே இருக்கிற ஆவி அதை நனைத்துத் துவட்டிவிடும்.

அதனால் முதல் பொரியல் முடிந்ததும் கம்பித் தட்டிலோ அகலமான தாம்பாளத்திலோ ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பு. குவித்தால் ஆவி உள்ளேயே அடைந்துவிடும். மூடாதே, ஃபேனைப் போடு. அரை மணி நேரமாவது இருக்கட்டும். தொட்டால் முழுசாக ஆறி, மேலே கொஞ்சம் வறண்டு, லேசாகச் சொரசொரப்பாக இருக்க வேண்டும். இங்கே காசிமேட்டுப் பக்கமிருந்து உப்புக்காற்று அடிக்கிற நாளில் அரை மணி போதாது, நான் ஒரு மணி நேரம் விடுவேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றால் ஃப்ரீசரில் வை. பச்சைக் கிழங்குக்குத்தான் ஃப்ரிட்ஜ் ஆகாது, வெந்ததுக்கு ஒன்றும் செய்யாது. ஃப்ரீசரில் உறைந்ததை இளக விடாமல் அப்படியே எண்ணெயில் போடலாம், ஆனால் ஒரு தடவைக்குப் பாதி அளவுதான்.

இரண்டாவது பொரியலுக்கு 185 டிகிரி. மாவுச் சொட்டு விட்ட உடனே மேலே வந்து சுழல வேண்டும். எண்ணெய் புகைய விடாதே. இது இரண்டு, மூன்று நிமிட வேலை, சட்டியை விட்டு நகராதே, போனைப் பார்க்காதே. இதில் கண்ணைவிடக் காது முக்கியம். போட்டதும் 'சோ'வென்று மழை மாதிரி சத்தம் வரும், அது ஈரம் போகிற சத்தம். கொஞ்ச நேரத்தில் சத்தம் மெலியும், குமிழும் குறையும். கரண்டியால் கிளறினால் துண்டுகள் ஒன்றோடொன்று மோதிக் கலகலக்கும். அந்தக் கலகலப்பு வந்து, நிறம் வெளிர் பொன்னாக இருக்கும்போதே எடுத்துவிடு. எடுத்த பிறகும் அதன் சூட்டிலேயே கொஞ்சம் சிவக்கும்.

எடுத்ததும் ஜல்லிக்கரண்டியை நன்றாக உதறு. துண்டு ஆறும்போது உள்ளே இருக்கும் ஆவி சுருங்கி, மேலே ஒட்டியிருக்கிற எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். சட்டியில் கிடக்கும்போதைவிட வெளியே எடுத்த முதல் ஒரு நிமிடத்தில்தான் எண்ணெய் அதிகமாக உள்ளே போகும். அதற்கு முன்னால் உதறிவிட்டால் மிச்சம். உப்பை அந்தச் சூட்டிலேயே தூவு, ஆறினால் ஒட்டாது. எண்ணெய்க்கு மேலே நின்று தூவாதே, உப்பு விழுந்தால் எண்ணெய் சீக்கிரம் கெடும். டப்பாவில் போட்டு மூடவும் கூடாது. மூடினால் இவ்வளவு பாடும் வீண். நானும் எடை போட்டுப் பார்த்தேன், அரைக் கிலோ கிழங்குக்கு உன் கைக்கு வருவது 200 கிராம் சொச்சம். கூட இருக்கிற பையன்களையும் கணக்குப் பண்ணி வாங்கு.

அடுத்த ஞாயிறு புதுக் கிழங்கு வாங்கிச் செய். நான்கு மணிக்கு முதல் பொரியல் முடித்துவிட்டால் ஐந்துக்கு இரண்டாவது போடலாம். போடும்போது எனக்கு போன் பண்ணி, ஸ்பீக்கரில் போட்டு அடுப்பிலிருந்து தள்ளி வை. எப்போது எடுக்கணும் என்று சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுவேன்.

அன்புடன்,
அம்மா