கற்றாழைச் சாறும் அதன் மஞ்சள் பாலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிளிநொச்சிப் பக்கம் காலையில் கற்றாழையைத் தோலோடு மிக்ஸியில் அடித்துக் குடிக்கும் பழக்கம் பரவி வருகிறது. இதைக் குடிப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மடலை வெட்டியதும் தோலுக்கு அடியிலிருந்து கசப்பான மஞ்சள் பால் வடியும். அதில் அலோயின் என்ற பேதியாக்கும் பொருள் இருக்கிறது. பெருங்குடலில் உள்ள பக்டீரியாக்கள் அதை உடைக்கும்போது குடல் தூண்டப்பட்டு வயிற்றாலே போகும். பலர் இதை 'உடம்பு சுத்தமாகிறது' என்று எண்ணித் தொடர்கிறார்கள். உண்மையில் நீரோடு பொட்டாசியமும் வெளியேறுகிறது. இதய நோய்க்கு டிகொக்சின் எடுப்பவர்களுக்கும், சிறுநீர் போக மாத்திரை போடுபவர்களுக்கும் இது ஆபத்து.

அமெரிக்காவில் மஞ்சள் பால் நீக்காத முழு மடல் சாற்றைக் குடிநீரில் கலந்து எலிகளுக்கு 2 வருடம் கொடுத்த ஆய்வில், பெரிய எலிகளின் பெருங்குடலில் கட்டிகள் வந்தன, சுண்டெலிகளில் வரவில்லை. மனிதரில் இது நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் முழு மடல் சாற்றை 'புற்றுநோயை உண்டாக்கக்கூடியது' என்ற 2பி பிரிவில் வைத்தது. கரி வடிகட்டலால் அலோயின் நீக்கப்பட்ட சாறு வேறு. குடிக்கும், உண்ணும் பொருட்களில் அலோயின் மில்லியனில் 10 பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது கற்றாழை உற்பத்தியாளர் சங்கத்தின் வரம்பு.

வீட்டில் செய்பவர்கள் வெட்டிய மடலைச் சரித்து நிறுத்திப் பாலை வடியவிடுங்கள். தோலைத் தடிப்பாகச் சீவி, உள்ளிருக்கும் சோற்றைப் பலமுறை கழுவுங்கள். கசந்தால் பால் இன்னும் இருக்கிறது. கர்ப்பிணிகள் குடிக்கவே வேண்டாம். போத்தலில் விற்பவர்கள் முழு மடலா, உள் சோறா என்று லேபலில் எழுதும்படி சுகாதாரப் பரிசோதகர்கள் கேட்க வேண்டும்.

வாசகர் ஒருவர்,
கிளிநொச்சி