துண்டு

அன்புள்ள மகளுக்கு,

நேற்று வீடியோவில் பேசியபோது கடைசிவரை தலையில் துண்டைச் சுற்றியிருந்தாய். இப்போதுதான் குளித்தேன் என்றாய். போன வாரமும் அதையேதான் சொன்னாய். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு ஐந்து மாதம் இருக்கிறது. முடிக்கு இளம்பழுப்பு நிறம் போடப்போவதாகத் தங்கையிடம் சொன்னாயாம். போட்டுக்கொள், உன் தலை. ஆனால் போன வருடம் யாரையும் கேட்காமல் நீயே பூசிக்கொண்ட கறுப்புச் சாயம் இன்னும் அதில்தான் இருக்கிறது. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஆக, மேலே 12 சென்டிமீட்டர் உன் சொந்த முடி, அதற்குக் கீழே எல்லாம் சாயம். அதன்மேல் பழுப்பைப் பூசினால் மேல்பாதி மட்டும் மாறும். சாயத்தைச் சாயம் வெளுக்காது, ப்ளீச் செய்யவேண்டும். ப்ளீச்சோ தலைச்சூட்டில் வேர்ப்பக்கம் சீக்கிரம் பிடித்துச் செம்பட்டையாக்கிவிடும். நுனியில் கறுப்பு இறங்கட்டும் என்று காத்திருந்தால் ஈரத்தில் முடி ரப்பர் போல இழுபட்டு அறும். அறுந்ததை எந்த எண்ணெயும் ஒட்டவைக்காது, வெட்டத்தான் வேண்டும்.

அதனால் ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் போகாதே. பழைய சாயத்தை முதலிலேயே சொல்லிவிடு. காதுக்குப் பின்னால் ஒரு மெல்லிய கற்றையில் மட்டும் செய்து பார்க்கச் சொல். அது எந்த நிறத்தில் நிற்கிறது, இழுத்தால் தாங்குகிறதா என்று பார்த்தபிறகு மீதி. வாரக்கணக்கில் இடைவெளி விட்டு இரண்டு மூன்று தடவையாகச் செய்யட்டும். சாயத்தைத் தோலில் தொட்டுவைத்து 48 மணி நேரம் பார்ப்பதை ஒவ்வொரு முறையும் செய். போன வருடம் ஒன்றும் ஆகவில்லையே என்று சொல்லாதே, ஒவ்வாமை பிறகும் வரும். கடைசிப் பூச்சு கல்யாணத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே முடியட்டும். முடியை நேராக்கும் சிகிச்சையை இதோடு சேர்க்காதே. ஒரே நாளில் வேண்டாம் என்று சொன்னேன் அல்லவா, மறக்காதே.

இவ்வளவும் எழுதிவிட்டு, எழுத நினைத்ததை எழுதவில்லை. உடைக்கு அளவெடுத்த அன்று, "கொஞ்சம் இளைத்தால் நன்றாக இருக்கும்" என்று சொன்னது நான். அதற்குப் பிறகுதான் நீ இரவுச் சாப்பாட்டை நிறுத்தினாய். விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன், மூன்று மாதம். திடீரென்று சாப்பாட்டைக் குறைத்தால் ஏராளமான முடி ஒரே சமயத்தில் வளர்ச்சியை நிறுத்திவிடும். இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொத்தாக உதிரும். உன்னைப் பெற்ற பிறகு எனக்கும் அப்படித்தான் கொட்டியது, திரும்பவும் வளர்ந்தது. நான் அளந்து பேசியிருக்க வேண்டும்.

தோல் மருத்துவரைப் பார். இரும்புச்சத்தும் தைராய்டும் சோதிக்க வேண்டுமா என்று கேள். உதிர்வது அடங்கும்வரை ப்ளீச்சைத் தள்ளிப்போடு. கல்யாணத்துக்குக் கறுப்பாகவே இருந்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது. இரவு சாப்பிடு. உடையைப் பிரித்துத் தைக்கலாம், தையலில் துணி விட்டிருக்கிறது, பார்த்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். துண்டு வேண்டாம்.

அம்மா