அக்காவுக்கு: அந்த மியூசிக்கல் சேர் வெள்ளிக்கிழமை பற்றி

அக்கா,

திங்கட்கிழமை ஹெச்.ஆருக்கு நான் போட்ட ராஜினாமா மெயிலில் உங்களுக்கு நகல் வைக்கவில்லை. யாரோ சொல்லித்தான் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. கோபம் இருக்கும். முதலில் உங்களிடம் வந்திருந்தால் "ஒரு மாசம் பொறுடா" என்பீர்கள், நானும் பொறுத்திருப்பேன். போன தடவை அப்படித்தானே ஆனது? அதனால்தான் வரவில்லை. இதை மன்னிப்பாக எடுத்துக்கொள்வதா, சாக்காக எடுத்துக்கொள்வதா என்பது உங்கள் இஷ்டம்.

மற்றவர்களிடம் சம்பளம் பற்றவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். உங்களிடம் அது செல்லாது. இங்கே பலரும் படிப்பார்கள், நம் ஆபீஸ் ஆட்களும்தான். அதனால் கம்பெனி பெயர், நம்மிடம் சரக்கைக் கிளியர் செய்யக் கொடுக்கும் பார்ட்டி பெயர், கப்பல் பெயர் எதுவும் வராது. தம்புச் செட்டித் தெருவைச் சுற்றி நம்மைப் போலக் கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் ஆபீஸ்கள் எத்தனையோ இருக்கின்றன.

அந்த வெள்ளிக்கிழமையைத்தான் சொல்கிறேன். கொழும்பிலிருந்து வந்த கப்பலுக்கு அன்று காலை இன்வர்ட், அதாவது வந்து சேர்ந்ததற்கான கஸ்டம்ஸ் பதிவு, கிடைத்துவிட்டது. இறக்குமதிச் சரக்குக்குக் கஸ்டம்ஸில் போட வேண்டிய பில் ஆஃப் என்ட்ரி மூன்று பாக்கி. தூரத்திலிருந்து வரும் கப்பலென்றால் முந்தின நாளே ஃபைல் செய்து முடித்திருக்க வேண்டும். இலங்கைக் கப்பல் என்பதால் அன்றைய நாள் முடியும்வரை நேரம் இருந்தது. நள்ளிரவு தாண்டினால் தாமதக் கட்டணம் முதல் மூன்று நாளுக்குத் தினம் 5,000 ரூபாய், அப்புறம் தினம் 10,000. சரி, இது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, படிக்கிறவர்களுக்காக எழுதினேன்.

நாலு மணிக்கு ஃபன் ஃப்ரைடே என்று ஆபீஸ் விளையாட்டு. "ஒரே குடும்பம், ஓயாத உற்சாகம்" என்ற பேனரைப் பிரிண்டர் மேலேயே கட்டியிருந்தார்கள், பேப்பர் எடுக்க வேண்டுமென்றால் அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். நாலு மணியை யார் தேர்ந்தெடுத்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. நாம் காலையில் பில்லின் வரைவை, அதாவது செக்லிஸ்ட்டை, அடித்துப் பார்ட்டிக்கு அனுப்புவோம். அவர்கள் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் அதைத் திறப்பார்கள். திருத்தமும் அப்ரூவலும் வந்து விழுவது நாலிலிருந்து ஆறு வரை. அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் மீதி நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறோம். பதினொரு மணிக்கு வைத்திருந்தால் நானே முதல் ஆளாகப் பாட்டுப் பாடியிருப்பேன். தலைமை அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை சாயந்திரம் வேலை குறையும் போலிருக்கிறது.

நீங்கள்தான் ஒவ்வொரு டேபிளாக வந்து "வாங்கப்பா, பத்து நிமிஷம்தான்" என்று கூப்பிட்டீர்கள். அதை நான் மறக்கவில்லை.

நடுவில் நாற்காலி போட்டுப் பாட்டு ஓடுகிறது. கஸ்டம்ஸ் பேப்பரில் கையெழுத்துப் போட உரிமை தரும் ஜி கார்டு உங்கள் பெயரில்தானே. ஃபைலிங்குக்கு வேண்டிய டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை வேறு யாரிடமும் கொடுக்க முடியாமல் கைக்குள்ளேயே மூடி வைத்துக்கொண்டு சுற்றினீர்கள். மூன்றாவது பார்ட்டியின் ஆள் அப்போதுதான் போன் செய்தார். காதில் போனை வைத்துக்கொண்டே சுற்றினீர்கள். அவர் இரண்டு இன்வாய்ஸ் அனுப்பியிருந்தார், இரண்டிலும் வேறு வேறு மதிப்பு, எது கடைசி என்று சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார். ஸ்பீக்கர் சத்தத்தில் உங்களுக்குக் கேட்கவில்லை. "சார், அப்புறம் கூப்பிடறேன்" என்றீர்கள். பாட்டு நின்றது. உட்கார்ந்தீர்கள். ஹெச்.ஆர் பெண் மொபைலை நீட்டியதும் சிரித்தீர்கள்.

அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன் அக்கா. கப்பல் கட்டணம் கட்டாத பார்ட்டியிடம் கவுன்டரில் நின்று சிரிப்பீர்களே, அதே சிரிப்பு.

ஆறு மணிக்கு நீங்கள் திருப்பிக் கூப்பிட்டபோது அந்த ஆள் கிளம்பிவிட்டார். போன் ஸ்விட்ச் ஆஃப். மற்ற இரண்டும் எட்டரைக்குள் போய்விட்டன. மூன்றாவதை எந்த மதிப்பில் ஃபைல் செய்வது? ஊகித்துப் போட்டு அது தப்பாகப் போனால் வரியைக் குறைத்துக் காட்டியதாக ஆகிவிடும், அபராதம் என்று அது வேறு கதையாக வளரும். பதினொன்றரை வரை முயற்சி செய்துவிட்டு விட்டோம். சனிக்கிழமை மதியம் அவர் எழுந்து பதில் போட்டார், ஃபைல் ஆனது, 5,000 ரூபாய் விழுந்தது.

தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் அதிகாரி கட்டணத்தைத் தள்ளுபடி செய்யலாம். மனு எழுத நீங்களும் நானும் உட்கார்ந்தோம், ஞாபகம் இருக்கிறதா? காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது? மியூசிக்கல் சேர் என்றா? நீங்கள் அப்போது உண்மையாகவே சிரித்தீர்கள். கண்ணில் தண்ணீர் வரும் வரை. மனுவை மூடிவிட்டோம்.

பார்ட்டி தரமாட்டேன் என்றார், நியாயம்தான், அவர் நாலே முக்காலுக்கே கூப்பிட்டிருக்கிறார். பணம் நம் டெஸ்க்கின் ஊக்கத்தொகையிலிருந்து போனது. அதே மாதம் நமக்குத்தான் 'உற்சாகமான அணி' என்று கோப்பையும் வந்தது. வீடியோவில் நன்றாகச் சிரித்ததற்காக.

ஒரு விஷயத்தை இங்கே சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை, அதற்கு மேல் செய்தால் இரட்டைச் சம்பளம். நாலிலிருந்து ஆறு வரை ஆடியது வேலை நேரத்தில் சேர்ந்தது. ஆறுக்கு மேல் நாம் செய்தது எதில் சேர்ந்தது என்பதை விரல் வைக்கும் மெஷினும் நீங்களும் அறிவீர்கள். இதற்கு மேல் எழுதவில்லை.

அன்று ராத்திரி பீச் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டிக்காக நின்றபோது உங்கள் டிபன் பாக்ஸில் மிச்சமிருந்த இட்லியை எனக்குக் கொடுத்தீர்கள். கொருக்குப்பேட்டையில் நான் இறங்கும் வரை ஜி கார்டு பரீட்சைக்கு எந்தப் பகுதியை முதலில் படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தீர்கள். இந்த ஆபீஸில் நான் கற்றது எல்லாமே உங்களிடம் கற்றதுதான்.

ஆனால் அடுத்த வாரம் 'மகிழ்ச்சி சர்வே' வந்தபோது எல்லாரையும் அஞ்சு ஸ்டார் போடச் சொன்னதும் நீங்கள்தான். எழுதியவர் பெயர் தெரியாது என்றார்கள். ஆபீஸ் மெயிலில் லாகின் செய்துதான் திறக்க வேண்டியிருந்தது, கிளையும் பிரிவும் வயதும் கேட்டது. நம் டெஸ்க்கில் முப்பது வயதுக்குள் இருந்தது நான் ஒருவன்தான். நான் நாலு மணிப் பிரச்சினையை எழுதினேன். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு "நெகட்டிவ்வா இருக்காதே" என்று சொல்ல உங்களைத்தான் அனுப்பினார்கள். நீங்களும் வந்து சொன்னீர்கள், என் முகத்தைப் பார்க்காமல். உங்களுக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, பெண் பன்னிரண்டாவது படிக்கிறாள், தெரியும். தெரிந்தும் கோபம் போகவில்லை.

ஒப்படைக்க வேண்டிய ஃபைல்களைப் பார்ட்டி வாரியாகப் பிரித்து வைத்திருக்கிறேன். அந்த இரண்டு இன்வாய்ஸ் அனுப்புகிறவரின் வீட்டு நம்பரையும் வாங்கி முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். எனக்குக் கேக் வெட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் இன்வர்ட் இல்லாத நாளாகப் பார்த்துக் காலை பதினொன்றுக்கு வைக்கச் சொல்லுங்கள். வீடியோ வேண்டாம்.