மெதுவாக மூச்சுவிட்டால் மாறுவது சராசரித் துடிப்பு அல்ல, அதன் ஊசலாட்டம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த மூச்சும் இதயத் துடிப்பும் பற்றிய கட்டுரையில் நான்கு இடங்களைத் திருத்த வேண்டியிருக்கிறது. மெதுவாக மூச்சுவிட்டால் துடிப்பு வெகுவாகக் குறையும் என்பது ஒன்று. மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் கீழிறங்கி, இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பை அமுக்கித் தூண்டுகிறது என்பது இரண்டாவது. கூடவே வந்த படத்தில், இழுக்கும்போது துடிப்பு குறைவதாகவும் விடும்போது கூடுவதாகவும் அம்புக்குறிகள் தலைகீழாக இருப்பது மூன்றாவது. 'முடிந்த அளவு ஆழமாக இழுங்கள்' என்ற அறிவுரை நான்காவது.

படத்திலிருந்து தொடங்கினால் முதல் இரண்டும் தானாகத் தெளியும். மூச்சை உள்ளே இழுக்கும்போது துடிப்பு வேகமாகும், வெளியே விடும்போது மெதுவாகும். 1847-லேயே கார்ல் லுட்விக் நாயின் இரத்த அழுத்தத்தையும் மூச்சையும் சுழலும் உருளையில் பதிவுசெய்து இதைக் கண்டார். இதற்கு மூச்சு சார்ந்த சைனஸ் அரித்மியா என்று பெயர். 'அரித்மியா' என்ற சொல் பயமுறுத்துகிறதே தவிர, இது நோயல்ல. குழந்தைகளிடமும் இளைஞர்களிடமும் நன்றாகத் தெரியும், வயது ஏற ஏறக் குறையும்.

நரம்புகள் எதுவும் தொடாமல் விட்டால், இளம் வயதினரின் இதயத்தில் துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணு நிமிடத்துக்கு 100 தடவை அளவில் துடிக்கும். ஓய்வில் அது 70-க்கு இறங்குவது வேகஸ் நரம்பு விடாமல் போட்டுக்கொண்டிருக்கும் பிரேக்கால்தான். மூச்சை இழுக்கக் கட்டளையிடும் முகுளத்தின் நரம்பணுக்கள், அதே நேரத்தில் பக்கத்தில் உள்ள வேகஸ் நரம்பணுக்களை அடக்கிவைக்கின்றன. நுரையீரல் விரிவதை உணரும் நரம்பிழைகளும் இந்த அடக்கத்துக்குத் துணைபோகின்றன. பிரேக் தளர்ந்ததும் துடிப்பு ஏறுகிறது. மூச்சை விடும்போது அடக்கம் விலகி, பிரேக் மறுபடி விழுகிறது. ஆக, இழுப்பின்போது வேகஸ் தூண்டப்படுவதில்லை, சற்று வாயடைக்கப்படுகிறது. உதரவிதானம் நரம்பைப் பிசைந்துவிடுகிறது என்ற கற்பனைக்கு இங்கே வேலையே இல்லை.

எல்லாம் வேகஸ் வழியாகத்தான் நடக்கிறது என்பதற்கு இரண்டு நல்ல சாட்சிகள் உண்டு. வேகஸின் செய்தியை இதயத்தில் தடுக்கும் அட்ரோபின் மருந்தைப் போதிய அளவு கொடுத்தால் இந்த ஊசலாட்டம் ஏறக்குறைய மறைந்துவிடும். மாற்று இதயம் பொருத்தப்பட்டவரின் இதயத்துக்கு நரம்புத் தொடர்பு அறுபட்டிருப்பதால், தொடக்க காலத்தில் அவரிடமும் இது மிகச் சொற்பமாகவே இருக்கும். அவருடைய ஓய்வுத் துடிப்பும் பெரும்பாலும் 90-க்கு மேலேயே நிற்கும்.

இனி மெதுவான மூச்சுக்கு வருவோம். வேகஸ் சுரக்கும் அசிட்டைல்கோலின் சைனஸ் கணுவில் ஒரு வினாடிக்குள் வேலையைத் தொடங்கிவிடும். நொதி உடனே அதைச் சிதைப்பதால் அதன் விளைவு சில வினாடிகளில் அடங்கியும் போகும். நிமிடத்துக்கு 15 மூச்சு என்றால் ஒரு சுழற்சிக்கு 4 வினாடிதான். பிரேக் முழுதாகத் தளர்வதற்குள் அடுத்த பிரேக் விழுந்துவிடுகிறது. நிமிடத்துக்கு 6 மூச்சு என்றால் சுழற்சிக்கு 10 வினாடி. ஏறவும் இறங்கவும் துடிப்புக்கு முழு நேரம் கிடைக்கிறது.

இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள், இரத்த அழுத்தம் ஏறினால் வேகஸ் வழியாகத் துடிப்பைக் குறைக்கும், இறங்கினால் கூட்டும். துடிப்பு மாறி, அதனால் அழுத்தம் மாற ஏறத்தாழ 5 வினாடி ஆகும். இந்தத் தாமதத்தால் அந்தச் சுற்றுக்கு இயல்பாகவே 10 வினாடித் தாளம் ஒன்று அமைந்திருக்கிறது. 10 வினாடிக்கு ஒரு மூச்சு விடும்போது மூச்சின் தாளமும் அழுத்தத்தின் தாளமும் ஒத்துப்போய், ஊசலாட்டம் உச்சத்துக்குப் போகிறது. சரியான வேகம் ஆளுக்கு ஆள் நிமிடத்துக்கு நாலரையிலிருந்து ஏழு மூச்சு வரை மாறும். உயரமானவர்களுக்குப் பெரும்பாலும் சற்று மெதுவான வேகமே பொருந்தும். இழுப்பு 4 வினாடியா 5 வினாடியா என்று கட்டுரை நெடுக விவாதித்திருக்கிறது. அதைவிட முழுச் சுழற்சி எத்தனை வினாடி என்பதுதான் முக்கியம்.

இதைக் காகிதத்திலேயே பார்க்கலாம். ஈசிஜி தாள் வினாடிக்கு 25 மி.மீ. ஓடுகிறது. ஒரு சிறு கட்டம் 0.04 வினாடி, ஒரு நிமிடத்துக்கு 1500 கட்டம், அதாவது ஒன்றரை மீட்டர் தாள். இரண்டு உயர்ந்த முனைகளுக்கு நடுவே உள்ள கட்டங்களை எண்ணி, 1500-ஐ அந்த எண்ணால் வகுத்தால் அந்த நொடியின் துடிப்பு கிடைக்கும். படுத்த நிலையில் ஐந்து நிமிட ஓய்வுக்குப் பிறகு, பக்கத்தில் ஒருவர் கையை 5 வினாடி உயர்த்தி 5 வினாடி இறக்க, அதைப் பார்த்து ஆறு முறை மூச்சுவிட வேண்டும். இழுப்பு தொடங்கும் இடத்தில் ஒவ்வொரு முறையும் தாளில் கோடு போட வேண்டும். நடுவில் மூச்சைப் பிடித்து நிறுத்தவோ முக்கவோ கூடாது. முக்கினால் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, வேறொரு அனிச்சைச் செயல் குறுக்கே வந்துவிடும்.

கணக்குக்கு ஒரு நாற்பது வயதுக்காரரை எடுத்துக்கொள்வோம். இயல்பான மூச்சில் அவருடைய மிகக் குறுகிய இடைவெளி 20 கட்டம், மிக நீண்டது 22 கட்டம். துடிப்பு 75-க்கும் 68-க்கும் நடுவே ஆடுகிறது, வித்தியாசம் 7. ஆறு மூச்சுச் சோதனையில் குறுகியது 18 கட்டம், நீண்டது 25 கட்டம். 83-க்கும் 60-க்கும் நடுவே, வித்தியாசம் 23. இரண்டு நிமிடங்களிலும் மொத்தத் துடிப்புகளை எண்ணிப் பார்த்தால் 71, 70 என்றே வரும். மாறியது வீச்சு, சராசரி அநேகமாக இருந்த இடத்திலேயே இருக்கிறது. கைக்கடிகாரத்தைப் பார்த்து எதுவும் ஆகவில்லை என்று சொன்ன வாசகருக்குக் கட்டுரையாளர் 'இன்னும் பயிற்சி வேண்டும்' என்று பதில் எழுதியிருந்தார். பயிற்சியில் குறையில்லை. அத்தகைய கடிகாரங்கள் பல வினாடிகளின் சராசரியைக் காட்டுவதால், ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன.

சர்க்கரை நோயால் தன்னியக்க நரம்புகள் கெட்டிருக்கின்றனவா என்று பார்க்க யூயிங்கும் கிளார்க்கும் 1982-இல் தொகுத்துத் தந்த சோதனைகளில் இந்த ஆறு மூச்சுச் சோதனையும் ஒன்று. ஒவ்வொரு மூச்சின் வித்தியாசத்தையும் கணக்கிட்டுச் சராசரி எடுத்தால் 15-ம் அதற்கு மேலும் இயல்பு, 11 முதல் 14 வரை எல்லைக்கோடு, 10-ம் அதற்குக் கீழும் குறைபாடு. இந்த எல்லைகள் வயதைக் கணக்கில் கொள்ளவில்லை. எழுபது வயதில் 9 வந்தால் அதை இருபத்தைந்து வயதில் வரும் 9 போலப் படிக்கக் கூடாது. அட்ரோபின் போல வேலை செய்யும் மருந்துகளும் சில பழைய மனச்சோர்வு மாத்திரைகளும்கூட வித்தியாசத்தைச் சுருக்கும்.

எண் பெரிதாக வந்தாலும் ஏமாறலாம். நடுவே முந்திக்கொண்டு வரும் ஒரே ஒரு துடிப்பு போதும். அதற்கு முன் இடைவெளி 12 கட்டம், பின் 30 கட்டம் என்றால் 125-க்கும் 50-க்கும் வித்தியாசம் 75 என்று கணக்குச் சொல்லும். அது வேகஸின் வலிமை அல்ல, அந்த மூச்சையே கணக்கிலிருந்து விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் ஒரே வடிவில் பி அலை என்ற சிறு மேடு இருக்கிறதா, இடைவெளி மூச்சோடு சேர்ந்து கூடிக் குறைகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பி அலையே இல்லாமல், மூச்சுக்குச் சம்பந்தமில்லாமல் தாறுமாறாக இருந்தால் அது ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன் என்ற தாளக் கோளாறாக இருக்கலாம். அதை மூச்சுப் பயிற்சியின் பலன் என்று எண்ணி விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

செயலிகளில் இன்னொரு குழப்பம் உண்டு. பல செயலிகள் ஊசலாட்டத்தை LF என்ற மெதுவான பட்டை, HF என்ற வேகமான பட்டை என்று இரண்டாகப் பிரித்து, LF கூடினால் மன அழுத்தம் என்று படிக்கின்றன. HF பட்டை 0.15 முதல் 0.40 ஹெர்ட்ஸ் வரை, அதாவது நிமிடத்துக்கு 9 முதல் 24 மூச்சு வரை. நிமிடத்துக்கு 6 மூச்சு என்றால் 0.1 ஹெர்ட்ஸ், அது LF பட்டைக்குள் விழுகிறது. நிதானமாக மூச்சுவிடுபவரைப் பார்த்து செயலி 'மன அழுத்தம் கூடிவிட்டது' என்று சொல்வது இதனால்தான். நேர்மாறான தவறும் அதே அளவுக்குப் பரவலானது: பயிற்சி நடக்கும்போது எண் பெருகுவதைக் கண்டு வேகஸ் வலுப்பெற்றுவிட்டது என்று முடிவுகட்டுவது. மூச்சு பழைய வேகத்துக்குத் திரும்பினால் ஊசலாட்டமும் சற்று நேரத்தில் திரும்பிவிடும். இரண்டு நாட்களின் எண்களை ஒப்பிட வேண்டுமானால் இரண்டையும் ஒரே மூச்சு வேகத்தில் எடுத்திருக்க வேண்டும்.

கடைசியாக, 'முடிந்த அளவு ஆழமாக இழுங்கள்' என்ற அறிவுரை. ஓய்வில் ஒருவர் ஒரு மூச்சுக்கு 500 மி.லி. வீதம் நிமிடத்துக்கு 15 முறை இழுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் 150 மி.லி. காற்றுக்குழாய்களிலேயே நின்றுவிடும். நுரையீரலின் நுண்ணறைகளைச் சேர்வது 350 மி.லி., நிமிடத்துக்கு 5250 மி.லி. அதே அளவை 6 மூச்சில் கொண்டுவர ஒரு மூச்சுக்கு 875-உம் 150-உம் சேர்ந்து ஒரு லிட்டருக்குச் சற்று மேல் போதும். கட்டுரை சொன்னபடி நெஞ்சு நிறைய 2 லிட்டர் இழுத்தால் நுண்ணறைகளுக்குப் போவது நிமிடத்துக்கு 11,100 மி.லி., தேவையைப் போல இரு மடங்கு. இதே வேகத்தில் நீடித்தால் இரத்தத்தின் கரியமில வாயு அழுத்தம் 40 மி.மீ. பாதரசத்திலிருந்து பாதியை நோக்கி இறங்கும். மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கித் தலை சுற்றும், உதடும் விரல் நுனியும் மரத்துப்போகும். இதைத்தான் கட்டுரை 'சக்தி பாய்வதன் அறிகுறி' என்கிறது. மரத்துப்போகத் தொடங்கினால் வேகத்தை மாற்ற வேண்டியதில்லை, இழுக்கும் அளவைப் பாதியாகக் குறைத்தால் சில நிமிடங்களில் சரியாகும்.

அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுவதாக இருந்தால், அம்புக்குறிகளைத் திருப்புவதோடு, 'ஆழமாக' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'மெதுவாக' என்று மட்டும் அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உடலியங்கியல் கற்பிக்கும் ஒரு வாசகர்