ஓவியக் கண்காட்சி: நீர் இறங்கிய கரை

மதிப்புக்குரிய குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

எமது இளம் ஓவியரின் முதலாவது தனிநபர் கண்காட்சி, வரும் வெள்ளிக்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை வரை, தினமும் காலை 9 மணியிலிருந்து மாலை 6 மணி வரை எமது வாசிகசாலை மண்டபத்தில் நடைபெறும். சிறுபோகத்துக்கு நீர் திறந்த பின், இரணைமடுக் குளத்தின் நீர்மட்டம் இறங்க இறங்க வெளித்தெரியும் கரையே இப்படங்களின் கருப்பொருளாகும்.

நிறங்களும் அந்தக் கரையிலிருந்தே வந்தவை. குளத்துக் களியையும் செம்மண்ணையும் தனித்தனியே நீரில் கரைத்து, பருமணல் அடியில் படிந்ததும் கலங்கல் நீரை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, அதில் மெல்லப் படியும் நுண்மண்ணை உலர்த்தி அரைத்து, விளாம்பிசினுடன் குழைத்து அவர் நிறமாக்கியிருக்கிறார். பிசின் குறைந்தால் காய்ந்த நிறம் விரலில் தூளாக ஒட்டும். கூடினால் வெடித்து உரியும். சரியான அளவைத் தேடிய சோதனைத் தாள்களும் படங்களுக்கு அருகே வைக்கப்படுகின்றன. அவற்றை முதலில் பார்ப்பதே நல்லது என்பது எனது எண்ணம்.

சனிக்கிழமை பிற்பகல் 4 மணிக்கு ஓவியர் உரையாற்றுவதோடு, நிறம் குழைக்கும் முறையையும் செய்து காட்டுவார். பிசின் நீரில் கரையக்கூடியது என்பதாலும் படங்களுக்குக் கண்ணாடி இடப்படவில்லை என்பதாலும், பிள்ளைகளை அழைத்து வருவோர் அவர்கள் ஈரக்கையால் படங்களைத் தொடாதவாறு பார்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.