பலகையில் உள்ள பெயர் போதாது

ஆசிரியருக்கு, நுகர்வோர் ஆணையத்தில் வழக்குகள் இழுபடுவது பற்றிய உங்கள் செய்தியைப் படித்தேன். தாமதத்தில் ஒரு பங்கு நம்முடையதுதான்; கடைப் பலகையில் இருக்கும் பெயரையே எதிர்தரப்பாக எழுதிவிடுகிறோம். கடையில் வாங்கிய மிக்சி பற்றிய புகாரில் நானும் அப்படித்தான் எழுதினேன், நோட்டீஸ் 'முகவரியில் இல்லை' என்று திரும்பி வந்தது.

அப்புறம் பில்லின் அடியில் பொடி எழுத்தில் இருந்த ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுப் பார்த்தால், வணிகப் பெயர் ஒன்று, சட்டப் பெயர் வேறு, ஏதோ ஒரு பிரைவேட் லிமிடெட். அதன் பதிவு அலுவலகம் வேறு மாநிலத்தில் இருப்பதை நிறுவன விவகாரத் துறையின் தளம் காட்டியது. மனுவைத் திருத்தவே இரண்டு மாதம் போயிற்று. (வழக்கை நம் ஊரிலேயே போடலாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அனுமதிக்கிறது.) புகார் படிவத்திலேயே ஜிஎஸ்டி எண்ணுக்கு ஒரு கட்டம் வைத்து, சட்டப் பெயரைச் சரிபார்த்த பிறகே ஆணையம் மனுவை ஏற்கலாம்.